பிடிஎஃப் ஹைலைட்டில் எந்த நிறம் எதற்கு? பிறகு வடிகட்டி எடுக்க வசதியாக ஒரு முறை வேண்டும்

மூட்கோர்ட்_மீனா

வணக்கம். சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு. அரசியலமைப்புத் திருத்தம் பற்றி ஒரு மூட் கோர்ட்டும், கூடவே ஒரு கட்டுரையும் வருகின்றன. கேசவானந்த பாரதி (1973), இந்திரா காந்தி எதிர் ராஜ் நாராயண் (1975), மினர்வா மில்ஸ் (1980) மூன்றையும் மூலத் தீர்ப்பாகவே படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தீர்ப்பே 700 பக்கத்துக்கு மேல்.

ஜோட்டெரோ மென்பொருளில் படிக்கிறேன். எட்டு நிறம் கொடுக்கிறது. இப்போது நான் வைத்திருக்கும் முறை: மிக முக்கியம் சிவப்பு, முக்கியம் மஞ்சள், ஓரளவு முக்கியம் பச்சை, தேர்வுக்கு நீலம். முதல் தீர்ப்பில் தலைமை நீதிபதி சிக்ரி எழுதிய பகுதியை முடிப்பதற்குள் பாதிக்குப் பாதி சிவப்பாகிவிட்டது. சிவப்பை மட்டும் வடிகட்டினால் ஒரு குட்டித் தீர்ப்பே வருகிறது. எந்த நிறத்துக்கு என்ன பொருள் வைத்தால் இரண்டு மாதம் கழித்து வடிகட்டும்போது உபயோகமாக இருக்கும்?

---

கோட்மணி

முதலில் நிறத்தின் பெயரை மறந்துவிடுங்கள், ஹெக்ஸ் எண்ணைக் குறித்து வையுங்கள். ஜோட்டெரோவின் மஞ்சள் `#ffd400`, சிவப்பு `#ff6666`, பச்சை `#5fb236`, நீலம் `#2ea8e5`, ஊதா `#a28ae5`, மெஜந்தா `#e56eee`, ஆரஞ்சு `#f19837`, சாம்பல் `#aaaaaa`. ஹைலைட்டின் நிறம் பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே பதிவாகும். அதனால் பிறகு எந்த ரீடரில் திறந்தாலும், ஒரு சின்ன பைத்தான் நிரலாலும், அந்த எண்ணை வைத்து வடிகட்டலாம். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது உங்கள் இஷ்டம், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

---

கண்ணாடிக்காரர்

நான் பொதுவாக வெளிர் பச்சை போடுவேன். மஞ்சள் வெள்ளைத் திரையில் கண்ணைக் கூசுகிறது. இரவில் படிப்பதானால் டார்க் மோட் போட்டுவிட்டு நீலம் போடலாம். கண்ணுக்கு எது இதமோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

---

நூலக_மாடி

கண்ணாடிக்காரரே, மீனா கேட்டது கண் இதம் பற்றி இல்லை. பிரித்தெடுப்பதைப் பற்றி.

கோட்மணி கொடுத்த எட்டு எண்களும் சரி. ஆனால் ஜோட்டெரோவில் போடும் ஹைலைட் பிடிஎஃப்புக்குள் போவதில்லை. அது ஜோட்டெரோவின் தரவுத்தளத்தில், `zotero.sqlite` என்ற கோப்பில் இருக்கிறது. அதே பிடிஎஃப்பை ஃபோல்டரிலிருந்து நேராக அக்ரோபேட்டில் திறந்தால் ஒரு கோடும் தெரியாது. கோப்புக்குள்ளேயே வேண்டுமென்றால் ஹைலைட்டோடு சேர்த்து ஒரு நகலாக ஏற்றுமதி செய்ய வேண்டும். அக்ரோபேட் மாதிரி ரீடர்களில் போட்டால்தான் அவர் சொன்னது நடக்கும்.

"பொருள் உங்கள் இஷ்டம்" என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மீனாவின் முறை உடைந்ததே அங்கேதான். முக்கியத்துவத்தை வைத்து நிறம் பிரித்தால், படிக்கும் நேரத்தில் எல்லாமே முக்கியமாகத்தான் படும். முதல் ஐம்பது பக்கத்தில் தலையாய வரியாகத் தெரிந்தது 400-ஆம் பக்கத்துக்குப் பிறகு சாதாரணமாகிவிடும். ஆனால் போட்ட நிறம் அப்படியே இருக்கும்.

தலைப்பை வைத்துப் பிரிப்பதும் ஒத்துவராது. கூட்டாட்சி, மதச்சார்பின்மை, அடிப்படை உரிமை, நீதிமன்றச் சீராய்வு என்று எண்ணினால் எட்டு நிறம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். அதோடு ஒரு வரி இரண்டு தலைப்பில் வரும், ஒரு ஹைலைட்டுக்கு இரண்டு நிறம் போட வழியில்லை. தலைப்புக்கு டேக் இருக்கிறது, ஒன்றுக்கு எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம்.

நிறத்துக்கு நான் வைக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வரி தீர்ப்புக்குள் என்ன வேலை செய்கிறது? இதற்கு ஒரு வரிக்கு ஒரு பதில்தான் இருக்கும், பதில்களின் எண்ணிக்கையும் நான்கைந்தைத் தாண்டாது. இரண்டு மாதம் கழித்து மாறவும் மாறாது.

---

மூட்கோர்ட்_மீனா

நன்றி சார். "என்ன வேலை" என்றால் எப்படி? கேசவானந்தாவை வைத்தே சொல்ல முடியுமா?

---

நூலக_மாடி

சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அந்தத் தீர்ப்பில் 13 நீதிபதிகள். ஷெலத்தும் குரோவரும் சேர்ந்து ஒன்று, ஹெக்டேயும் முகர்ஜியாவும் சேர்ந்து ஒன்று எழுதியதால் மொத்தம் 11 தனித்தனித் தீர்ப்புகள். 7க்கு 6 என்று பிரிந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் நானி பால்கிவாலா மனுதாரருக்காக என்ன வாதிட்டார், கேரள அரசுக்காக சீர்வை என்ன பதில் சொன்னார், கோலக்நாத் தீர்ப்பு (1967) என்ன சொன்னது என்றெல்லாம் பக்கம் பக்கமாக வரும். கோலக்நாத்தை இதே தீர்ப்பு தள்ளிவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

மாணவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். ஒரு அருமையான வாக்கியம் கண்ணில் படும், கோடு போடுவார்கள், பிறகு "உச்ச நீதிமன்றம் கூறியது" என்று மூட் கோர்ட்டில் படிப்பார்கள். அது நீதிமன்றத்தின் கூற்றாக இருக்காது. வக்கீலின் வாதத்தை நீதிபதி எடுத்துச் சொன்ன இடமாகவோ, தோற்றுப்போன ஆறு பேரில் ஒருவர் எழுதியதாகவோ இருக்கும். வடிகட்டி எடுத்த பட்டியலில் வரி தனியாக நிற்கும், முன்னும் பின்னும் உள்ள பத்தி கூட வராது. யார் பேசுகிறார்கள் என்று காட்ட நிறத்தைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

அதனால் என் பிரிவினை இப்படி.

பச்சை: பெரும்பான்மை நீதிபதி தன் முடிவைச் சொல்லும் வரி. நீதிபதி கன்னாவின் தீர்ப்பின் இறுதியில், 368-ஆம் பிரிவின் கீழான திருத்த அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்றும் அளவுக்குப் போகாது என்று தொகுத்துச் சொல்கிறாரே, அது பச்சை. சொத்துரிமை அந்தக் கட்டமைப்பில் சேராது என்று அவர் சொல்வதும் பச்சைதான்.

நீலம்: அந்த முடிவுக்கு அவர் காட்டும் காரணம். "திருத்தம்" என்றால் பழையது ஏதோ ஒரு வடிவில் மிஞ்சியிருக்க வேண்டும் என்று அவர் வாதத்தைக் கட்டிக்கொண்டு போகும் இடமெல்லாம் நீலம்.

சிவப்பு: எழுதும் நீதிபதியின் சொந்தக் குரலாக இல்லாத எல்லாம். வக்கீல் வாதம், தள்ளப்பட்ட முன்தீர்ப்பின் மேற்கோள். மேற்கோள் காட்டும் முன் ஒருமுறை நில் என்று அர்த்தம்.

ஊதா: போய்ப் படிக்க வேண்டிய வேறு தீர்ப்பு அல்லது சட்டப்பிரிவு. ஊதாவை மட்டும் வடிகட்டினால் அடுத்து படிக்க வேண்டியவற்றின் பட்டியல் கையில் இருக்கும்.

மஞ்சளுக்கு மட்டும் பொருள் எதுவும் கொடுக்காதீர்கள். பெரும்பாலான ரீடர்களில் முதலில் வருவது அதுதான். யோசிக்காமல் இழுத்த கோடு, பஸ்ஸில் டேப்லெட்டில் போட்ட கோடு எல்லாம் மஞ்சளில்தான் விழும். "மஞ்சள் = தீர்ப்பின் முடிவு" என்று வைத்துவிட்டால் கை தவறிப் போட்டதும் யோசித்துப் போட்டதும் கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. மஞ்சள் என்றால் "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று மட்டும் இருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை மஞ்சளை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றையும் வேறு நிறத்துக்கு மாற்றுங்கள் அல்லது அழியுங்கள். பக்கவாட்டில் பலவற்றை ஒன்றாகத் தேர்ந்து வலது கிளிக்கில் நிறம் மாற்றிக்கொள்ளலாம்.

மிச்ச மூன்று நிறம் சும்மா இருக்கட்டும். மெஜந்தாவும் ஊதாவும் பக்கத்தில் வந்தால் எனக்கே குழம்புகிறது.

---

அடிக்குறிப்பு_ஆசாமி

இவ்வளவு சிரமம் எதற்கு? நான் நிறமே பயன்படுத்துவதில்லை. எல்லாம் ஒரே மஞ்சள். ஹைலைட்டின் கமென்டில் முதல் எழுத்தாக "மு" என்றால் முடிவு, "கா" என்றால் காரணம், "வா" என்றால் வாதம் என்று முக்காற்புள்ளியோடு அடிப்பேன். தேடல் பெட்டியில் "வா:" என்று போட்டால் வந்துவிடும். கறுப்பு வெள்ளை இ-இங்க் கருவியில் படித்தாலும், பிரின்ட் எடுத்தாலும், வேறு மென்பொருளுக்கு மாறினாலும் எழுத்து போகாது.

---

மூட்கோர்ட்_மீனா

ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் தட்டச்சு செய்ய வேண்டுமே? டேப்லெட்டில் தமிழ் விசைப்பலகையைத் திறந்து "வா:" என்று அடிப்பதற்குள் வாக்கியத்தின் நூல் விட்டுப்போகும்.

---

அடிக்குறிப்பு_ஆசாமி

ஆங்கில எழுத்தில் ஒன்று அடித்தால் போதும். அந்த ஒரு எழுத்து அடிக்கச் சோம்பல் வருகிற வரிக்குக் கோடு எதற்கு? என் அனுபவத்தில் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால்தான் கோடுகள் குறைகின்றன.

---

நூலக_மாடி

அந்த வாதத்தில் விஷயம் இருக்கிறது. ஆனால் சோம்பல் வருகிற நாளில் கோடு போடுவது நிற்பதில்லை, எழுத்து போடுவதுதான் நிற்கிறது. அப்புறம் எழுத்தில்லாத மஞ்சள்கள் மலையாகச் சேரும். நிறத்தில் அந்தப் பிரச்சினை குறைவு: வாக்கியத்தைத் தேர்ந்தவுடன் எழும்பும் சிறிய பெட்டியில் நிறங்கள் வரிசையாக இருக்கும், ஒரு தொடுகை போதும். ஹைலைட்டர் கருவியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு இழுக்காதீர்கள். அதில் கடைசியாகப் பயன்படுத்திய நிறமே தொடர்ந்து வரும், நீலக் காரணத்துக்கு நடுவில் வக்கீல் வாதமும் நீலமாகிவிடும்.

கமென்டுக்கு நான் வேறு வேலை வைத்திருக்கிறேன். கேசவானந்தாவில் யாருடைய தீர்ப்பு என்பது நிறத்தில் வராது. அதனால் கமென்டில் நீதிபதி பெயரும் பத்தி எண்ணும் போடுவேன், "கன்னா, பத்தி இன்னது" என்று. பத்தி எண் கட்டாயம். (1973) 4 SCC 225 என்ற தொகுப்பின் பக்கமும் AIR 1973 SC 1461 தொகுப்பின் பக்கமும் நீங்கள் இறக்கிய பிடிஎஃப்பின் பக்கமும் மூன்றும் வேறு. ஜோட்டெரோ எடுத்து வைப்பது உங்கள் பிடிஎஃப்பின் பக்க எண்ணைத்தான். அதை அடிக்குறிப்பில் போட்டால் எதிர்த்தரப்பு சிரிக்கும்.

---

சிவப்புதெரியாதவன்

ஒரு நடைமுறைச் சிக்கல். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இந்த முறையில் "நீதிமன்றத்தின் முடிவு" பச்சை, "நம்பாதே" சிவப்பு. எனக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி அழுக்கு நிறம். மிக ஆபத்தான இரண்டுக்கும் அதே ஜோடியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

---

நூலக_மாடி

நியாயமான கேள்வி. உங்களுக்கு முடிவு நீலம், பிறர் குரல் ஆரஞ்சு என்று வையுங்கள். நீலம்-ஆரஞ்சு ஜோடி சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் பிரிந்து தெரியும். காரணத்துக்குச் சாம்பல் போடலாம். எப்படியானாலும் தவறாக மாறிவிட்டால் அதிகம் நஷ்டம் வரும் இரண்டு பொருளுக்கு, உங்கள் கண்ணுக்கு மிகத் தள்ளி நிற்கும் இரண்டு நிறத்தைக் கொடுங்கள்.

---

தேர்வுப்பறவை

நான் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். பள்ளித் தமிழ்ப் பாடநூல்களின் பிடிஎஃப், அதோடு நண்பர் மொபைலில் ஸ்கேன் செய்து அனுப்பிய பழைய கையேடுகள். கோடு போட்டு நோட்டாக எடுத்தால் பாடநூலிலிருந்து "jkpo;" மாதிரி என்னவோ வருகிறது, ஸ்கேன் கோப்பில் வார்த்தையைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை. இதற்கு எந்த நிறம் போட வேண்டும்?

---

கோட்மணி

நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. யூனிகோட் ஃபான்ட் நிறுவுங்கள், சரியாகிவிடும்.

---

நூலக_மாடி

ஃபான்ட் நிறுவி ஆகப்போவது எதுவும் இல்லை. தேர்வுப்பறவை, உங்களுக்கு இரண்டு தனி நோய்கள்.

பாடநூல் கோப்பு பழைய எழுத்துரு முறையில் தயாரானது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான் இருக்கின்றன. "தமிழ்" என்பது பாமினி விசையமைப்பில் `jkpo;` என்றுதான் இருக்கும், நீங்கள் பார்த்தது அதுவே. ஹைலைட் செய்யும் நொடியில் ரீடர் அந்த எழுத்துகளை எடுத்துச் சேமிக்கிறது. பிறகு எந்த நிறத்தில் வடிகட்டினாலும் அதே குப்பைதான் வரும். புதிய கோப்பு இறக்கியவுடன் ஒரு வரியைத் தேர்ந்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வந்தால் மேலே போங்கள்.

ஸ்கேன் கோப்பில் எழுத்தே இல்லை, படம்தான். அதற்கு ஓசிஆர் செய்ய வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் இப்படி:

```
ocrmypdf -l tam+eng palaya.pdf pudhiya.pdf
```

பாடநூல் மாதிரி குப்பை எழுத்து ஏற்கெனவே உள்ள கோப்புக்கு `--force-ocr` சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் "இதில்தான் எழுத்து இருக்கிறதே" என்று சொல்லி நின்றுவிடும். டெசராக்டின் தமிழ்த் தரவும் நிறுவியிருக்க வேண்டும். கோடு போடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். போட்ட பிறகு செய்தால் பழைய ஹைலைட்டில் சேமித்த எழுத்து தானாகத் திருந்தாது, மறுபடி போட வேண்டும்.

மொபைல் ஸ்கேன் சாய்வாகவும் நிழலாகவும் இருந்தால் ஓசிஆர் நிறையத் தப்பும். அப்போது எழுத்தை விட்டுவிட்டு, ஜோட்டெரோவில் பகுதியைச் சதுரமாக வெட்டும் கருவியைப் பயன்படுத்துங்கள். அதற்கும் அதே எட்டு நிறம் உண்டு, வடிகட்டினால் வரும், எழுத்துக்குப் பதில் படமாக வரும். தேடல் மட்டும் நடக்காது, கமென்டில் எழுதியதில்தான் தேட முடியும்.

---

தேர்வுப்பறவை

விண்டோஸ் லேப்டாப்தான் இருக்கிறது. சதுரம் வெட்டிப் பார்க்கிறேன். நன்றி ஐயா.

---

மூட்கோர்ட்_மீனா

சார் சொன்னபடி கன்னா பகுதியையும் ரே பகுதியையும் மட்டும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பச்சை வடிகட்டினால் கன்னாவின் முடிவுரை ஏறக்குறைய முழுதாக வந்தது, நன்றாக இருக்கிறது. ரேயில் மாட்டிக்கொண்டேன். அவர் திருத்த அதிகாரத்துக்கு வரம்பே இல்லை என்கிறார். அது அவருடைய சொந்தக் குரல், அவருடைய முடிவு. பச்சையா? தோற்றுப்போன தரப்பு, அதனால் சிவப்பா? சிவப்பு போட்டால் பால்கிவாலாவின் வாதமும் நீதிபதி ரேயின் முடிவும் ஒரே கூடையில் விழுகின்றன. அது சரியாகப் படவில்லை.

இரண்டாவது, கன்னா என்று டேக் போட்டு, டேக்கையும் பச்சையையும் சேர்த்து அழுத்தினால் பட்டியல் சுருங்குவதற்குப் பதில் பெருகுகிறது. கன்னாவின் எல்லா நிறமும் வருகிறது, எல்லாருடைய பச்சையும் வருகிறது.

---

நூலக_மாடி

இரண்டாவதற்கு வழி உண்டு. டேக்கும் நிறமும் "இதுவோ அதுவோ" என்று சேர்கின்றன. அதனால்தான் பெயரைக் கமென்டில் போடச் சொன்னேன். பக்கவாட்டின் மேலே உள்ள தேடல் பெட்டியில் "கன்னா" என்று அடித்துவிட்டு கீழே பச்சையை அழுத்துங்கள், சுருங்கும். பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள், "கன்னா", "Khanna", "கண்ணா" என்று மூன்று விதமாகப் போனால் மூன்று பட்டியல்தான் கிடைக்கும்.

முதல் கேள்விக்கு: ரேயின் முடிவை ஆரஞ்சாக்குங்கள். ஆறு பேர் எழுதியதில் முடிவு மட்டும் ஆரஞ்சு, காரணம் நீலமாகவே இருக்கட்டும். சிவப்பு வக்கீல் வாதத்துக்கும் தள்ளப்பட்ட மேற்கோளுக்கும் மட்டும்.

---

நீதிமன்ற_வாசல்

நான் வழக்கறிஞர். இதில் மாறுபடுகிறேன். மாறுபட்ட தீர்ப்புக்குத் தனி நிறம் கொடுப்பது கேசவானந்தாவில் சரியாக வராது. "பெரும்பான்மை" என்பதே அங்கே ஒரே கட்டி இல்லை. ஏழு பேரும் அடிப்படைக் கட்டமைப்பை ஏற்றார்கள், ஆனால் அதில் என்ன அடங்கும் என்பதில் ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதில்லை. சிக்ரி அரசியலமைப்பின் மேலாண்மை, குடியரசு முறை, மதச்சார்பின்மை, அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சி என்று ஒரு பட்டியல் தருகிறார். அதைப் பச்சையாகப் போட்டால் மாணவர் "நீதிமன்றம் ஐந்து அம்சம் என்று தீர்ப்பளித்தது" என்று எழுதுவார். அது ஏழு பேரின் பொது முடிவு இல்லை, சிக்ரியின் பட்டியல்.

கன்னாவும் அப்படித்தான். சொத்துரிமை பற்றிய அவருடைய வரியை வைத்து, அடிப்படை உரிமைகள் எதுவுமே அடிப்படைக் கட்டமைப்பில் வராது என்று அவர் சொன்னதாகப் பலர் படித்தார்கள். 1975 இந்திரா காந்தி வழக்கில் அவரே, நான் அப்படிச் சொல்லவில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. 1973-இன் பச்சையை 1975-ஐப் பார்க்காமல் எடுத்தால் என்ன ஆகும்?

---

நூலக_மாடி

சிக்ரி பட்டியலில் நீங்கள் சொல்வது சரி. நானும் பச்சைக்கு "ஏழு பேரும் ஒப்பியது" என்று பொருள் வைக்கவில்லை, "எழுதியவரின் முடிவு" என்று வைத்தேன். ஏழு பேரும் ஒப்பியதா என்பது கோடு போடும் நேரத்தில் தெரியாது, எல்லாரையும் படித்த பிறகுதான் தெரியும். அந்தத் தகவலுக்கு டேக் போடலாம், "பொதுமுடிவு" என்று. கன்னாவின் வரிக்குக் கமென்டில் "1975 விளக்கம் பார்க்க" என்று எழுதிவிட்டால் வடிகட்டிய பட்டியலிலும் கூடவே வரும்.

---

நீதிமன்ற_வாசல்

அப்படியென்றால் ஆரஞ்சும் தேவையில்லையே. ரேயின் முடிவும் "எழுதியவரின் முடிவு"தான். பச்சை போட்டுவிட்டு, பெயர் கமென்டில் இருக்கிறது, யார் எந்தப் பக்கம் என்பது ஊரறிந்தது.

---

நூலக_மாடி

உங்களுக்கு ஊரறிந்தது. நான்காம் ஆண்டு மாணவி இரவு பதினொரு மணிக்குப் பட்டியல் பார்க்கும்போது பேக், துவிவேதி, பலேகர் எந்தப் பக்கம் என்று நினைவு வருமா? எனக்கு ஆரஞ்சு வேண்டும். உங்களுக்கு வேண்டாமென்றால் விடுங்கள்.

---

கோட்மணி

மூன்று தீர்ப்பிலும் சேர்த்துப் பச்சையை மட்டும் எடுக்க வேண்டுமென்றால்? பக்கவாட்டு வடிகட்டி ஒரு கோப்புக்குள்தானே வேலை செய்கிறது. அக்ரோபேட்டும் அப்படித்தான், கருத்துப் பலகையில் நிறத்தால் வடிகட்டலாம், ஆனால் திறந்திருக்கும் கோப்பில் மட்டும். தரவுத்தளத்தில் இருக்கிறது என்று சொன்னீர்களே, அதை நேராகக் கேட்கலாமே. ஜோட்டெரோவை மூடி, `zotero.sqlite`-ஐ வேறிடத்தில் நகலெடுத்து, நகலில்:

```sql
SELECT parentItemID, pageLabel, text, comment
FROM itemAnnotations
WHERE color = '#5fb236'
ORDER BY parentItemID, sortIndex;
```

இப்போது சோதித்துப் பார்த்தேன், எல்லாக் கோப்பின் பச்சையும் ஒரே பட்டியலாக வருகிறது.

---

நூலக_மாடி

அருமை. மூலக் கோப்பில் எதையும் எழுதாமல் நகலில் படிப்பது மட்டும் என்றால் பயமில்லை. `parentItemID` ஒவ்வொரு பிடிஎஃப்புக்கும் ஒரு எண், எது எந்தத் தீர்ப்பு என்று ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். `comment LIKE '%கன்னா%'` என்று ஒரு நிபந்தனையும் சேர்க்கலாம்.

அக்ரோபேட்டில் கோடு போடுபவர்களுக்கு ஒன்று. அங்கே ஹைலைட்டுக்குள் நிறமும் இடமும் பதிவாகும், எழுத்து தானாகப் பதிவாகாது. Preferences, Commenting-இல் தேர்ந்த எழுத்தைக் கருத்துப் பெட்டியில் நகலெடுக்கும் ஒரு தேர்வு இருக்கிறது, அதை முதல் நாளே இயக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் நிறம் மட்டும் வரும், எதிரே வெறுமை.

---

கோட்மணி

கோப்புக்குள் உள்ள நிறத்தை எடுக்க என் நிரலில் ஒரு விநோதம். சிவப்பு சரியாக வருகிறது, பச்சை ஒன்றும் பொருந்தவில்லை. திரையில் ஐட்ராப்பர் வைத்துப் பார்த்தால் அதுவும் வேறு எண் காட்டுகிறது.

---

நூலக_மாடி

பிடிஎஃப்புக்குள் நிறம் ஹெக்ஸாக இருக்காது, 0 முதல் 1 வரையான மூன்று தசம எண்களாக இருக்கும். `#ff6666` என்பது 1, 0.4, 0.4 என்று துல்லியமாக வகுபடும். `#5fb236` அப்படி இல்லை, 0.3725, 0.698, 0.2118 என்று நீளும், எழுதும் மென்பொருள் எங்காவது வெட்டும். சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். 255-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்:

```python
import pymupdf
doc = pymupdf.open("theerpu.pdf")
for page in doc:
    for a in page.annots(types=[pymupdf.PDF_ANNOT_HIGHLIGHT]):
        rgb = [round(x * 255) for x in a.colors["stroke"]]
        print(page.number + 1, rgb, a.info["content"])
```

ஐட்ராப்பரை நம்பாதீர்கள். ஹைலைட்டுக்கு ஒளிபுகும் அளவு தனியாக இருக்கும், பின்னால் உள்ள காகித நிறத்தோடு கலந்து வெளிறியதைத்தான் அது படிக்கிறது. இரண்டு மென்பொருளில் மாற்றி மாற்றிக் கோடு போட்டவர்களுக்கு இன்னொரு தலைவலி: ஒன்றின் மஞ்சள் `#ffd400`, இன்னொன்றின் மஞ்சள் `#ffff00`. கண்ணுக்கு ஒன்று, நிரலுக்கு இரண்டு. ஒரே ரீடரில் போடுங்கள், அல்லது எந்த எண்ணெல்லாம் மஞ்சள் என்று நிரலில் பட்டியலிடுங்கள்.

---

மூட்கோர்ட்_மீனா

நான் இப்போதைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறேன்: மஞ்சள் முடிவு செய்யாதது, பச்சை எழுதியவரின் முடிவு, ஆரஞ்சு ஆறு பேரின் முடிவு, நீலம் காரணம், சிவப்பு பிறர் குரல், ஊதா படிக்க வேண்டியது. கமென்டில் பெயரும் பத்தியும். இதையே ஜோட்டெரோவில் ஒரு தனி நோட்டாக, தேதி போட்டு எழுதி வைத்துவிட்டேன். பழைய சிவப்புகளை எல்லாம் ஒன்றாகத் தேர்ந்து மஞ்சளாக்கிவிட்டேன், திரும்பப் படிக்கும்போது பிரித்துக்கொள்வேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். மினர்வா மில்ஸில் நீதிபதி பகவதி ஒரு பகுதியில் பெரும்பான்மையோடு சேர்கிறார், இன்னொன்றில் மாறுபடுகிறார். ஒரே ஆளுக்குப் பச்சையும் ஆரஞ்சும் வரும்தானே?

---

நீதிமன்ற_வாசல்

வரும். 42-ஆம் திருத்தத்தின் 55-ஆவது பிரிவை ரத்து செய்ததில் அவர் மற்றவர்களோடு இருக்கிறார், அங்கே பச்சை. 31C தொடர்பான 4-ஆவது பிரிவில் தனியாகப் போகிறார், அங்கே ஆரஞ்சு. இதற்காகத்தான் ஆரஞ்சே வேண்டாம் என்றேன்.

---

அடிக்குறிப்பு_ஆசாமி

கமென்டில் "மாறு" என்று இரண்டு எழுத்து அடித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. சரி, நான் போகிறேன்.